ஏசி ஏஎம்சியும் ஒரு ஒத்தை ரேட்டும்

"ஒரு ஏசிக்கு வருசத்துக்கு 2000 ரூவா, ஸ்பேரும் சேத்தி." கோயமுத்தூர்ல இப்படி ரேட் சொல்றவங்க மேலயும், அதையும் 1500க்குக் கேக்கறவங்க மேலயும் எனக்கு ரொம்ப நாளா கடுப்பு மக்களே. பொட்டி தட்டறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. எங்க பெரியம்மா பையன் கணபதியில இந்தத் தொழில்தான் பண்றாரு. போன ஞாயித்துக்கிழமை அவரோட நோட்டை வாங்கி எக்செல்ல ஏத்திப் பாத்தேன். வருசம் பூரா உழைச்சு நஷ்டப்பட்டிருக்காரு மனுசன்.

சரவணம்பட்டியில ஒரு வீடு, பொள்ளாச்சியில ஒரு வீடு. ரெண்டுலயும் ஒன்னரை டன் ஸ்ப்ளிட் ஒன்னு, ரெண்டுக்கும் அதே 2000. வருசத்துக்கு மூணு சர்வீஸ்னு பேச்சு. ஆனா நடுவுல "கூலிங்கே வரலீங்"ன்னு சராசரியா ஒரு போன் வந்துருது. ஆக, போறது நாலு தடவை. தண்ணி அடிக்க ஒரு மணி நேரம் (ஏசிக்குத்தானுங்க :-)). அண்ணனும் ஹெல்ப்பர் பையனும் சேந்து மணிக்கு 250 ரூவா கூலின்னு வைங்க. சரவணம்பட்டிக்குப் போக வர அரை மணி. நாலு தடவைக்கு 6 மணி நேரம், 1500 ரூவா. பொள்ளாச்சிக்குப் போக வர ரெண்டரை மணி. 14 மணி நேரம், 3500 ரூவா. பெட்ரோல் தனி.

அதே பொள்ளாச்சி வீட்டுல நாலு ஏசி இருந்தா, அந்த ரெண்டரை மணி நேரம் நாலாப் பிரியும். அப்ப ஒரு ஏசிக்கு ரேட் தாராளமா குறைக்கலாம். பயணம் தடவைக்கு ஒன்னு, ஏசிக்கு ஒன்னு இல்ல. இது ஏன் யாருக்கும் உறைக்க மாட்டேங்குது?

அப்புறம் ஸ்பேர். நோட்டுல பத்து ஏசிக்கு ஒன்னுல பிசிபி போயிருக்கு, 4000 ரூவா. அப்ப ஏசிக்கு 400. பத்துல ஒன்னு லீக் அடைச்சு கேஸ் ஏத்த 3000, ஏசிக்கு 300. நாலுல ஒன்னுக்கு கெப்பாசிட்டர், 400 ரூவா, ஏசிக்கு 100. மொத்தம் 800. சரவணம்பட்டிக்கே அடக்கம் 2300 ஆச்சு! இதுவும் சராசரிதான். ஐநூறு ஏசி வச்சிருக்கற கம்பெனிக்கு இது ஓரளவு சரியா வரும். அண்ணன்கிட்ட இருக்கறது 40. ஒரு மழை ராத்திரி கரண்ட் எகிறி மூணு பிசிபி போச்சுன்னா 12,000 ரூவா கைக்காசு. கம்ப்ரஸரையும், வோல்டேஜ்ல போறதையும் ஒப்பந்தத்துல சேக்கவே கூடாது.

"எனக்கென்ன, 1500க்கு வர்றானே"ங்கறவங்களுக்கு: அவரு எங்கயாச்சும் எடுத்துத்தானே ஆகணும்? ஃபில்டரை மட்டும் தட்டிட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போவாரு. ஸ்பேர் சேக்காத ஒப்பந்தமா இருந்தா "கேஸ் கம்மிங்க"ம்பாரு. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்றது இல்லீங்க. மூடின குழாய்க்குள்ள சுத்துது, ஓட்டை இருந்தாத்தான் குறையும். "லீக் எங்கன்னு சோப்புத் தண்ணி வச்சுக் காட்டுங்க"ன்னு கேட்டுப் பாருங்க.

அண்ணன் இந்த மாசத்துலருந்து தூரத்துக்குத் தனி ரேட் போட்டுட்டாரு. பொள்ளாச்சிக்காரர் கோவிச்சுக்கிட்டு போனை வச்சுட்டாரு. நேத்து அவரே கூப்பிட்டு, பக்கத்து வீட்டு மூணு ஏசியையும் சேத்தா எவ்வளவு வரும்னு கேட்டாராம்.