டொமைன் 'காலாவதி' இன்வாய்ஸ்: பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

திருப்பூரில் ஆன்லைனில் பனியன் ஆர்டர் எடுக்கும் ஒரு சின்ன நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மெயிலில் ஓர் இன்வாய்ஸ் வருகிறது. இணையதளத்தின் பெயர் சரியாக இருக்கிறது, காலாவதி தேதியும் சரியாக இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் 86 டாலர் கட்ட வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. ஆர்டர் எல்லாம் அந்த டொமைன் மெயிலுக்குத்தான் வருகிறது. "சரி, கட்டித் தொலைச்சிடுவோம்" என்று உரிமையாளர் கார்டை எடுப்பதில் ஆச்சரியமில்லை.

இங்கே ஏமாற்றுவதே அந்தச் சரியான தேதிதான். ஒரு டொமைன் எப்போது காலாவதியாகிறது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மெயில் முகவரியை இணையதளத்தின் தொடர்புப் பக்கத்திலேயே எடுத்துவிடலாம். ஆக, விவரம் சரியாக இருப்பதால் அனுப்பியவர் உண்மையானவர் ஆகிவிட மாட்டார்.

இந்த வகை மெயில்களைப் பொறுமையாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். பலவற்றில் டொமைன் ரின்யூவல் என்ற பேச்சே இருக்காது. 'தேடுபொறிப் பதிவு' என்று ஒரு சேவை இருக்கும். பணம் கட்டாவிட்டால் ரத்தாவது 'இந்தச் சலுகை' என்று பொடி எழுத்தில் இருக்கும். அவசரத்தில் படிப்பவருக்கு இணையதளமே ரத்தாவது போலத் தோன்றும். கூகுள் தேடலில் வருவதற்கு இப்படி யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை.

தபாலில் வரும் இன்னொரு வகையில், பணம் கட்டினால் டொமைனே வேறு நிறுவனத்துக்கு மாறிவிடும். ரின்யூவல் என்று நம்பவைத்து இப்படி மாற்றியதாக 'டொமைன் ரிஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2003-லேயே வழக்கு தொடுத்தது.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். lookup.icann.org தளத்தில் டொமைன் பெயரைத் தட்டி, Registrar என்ற இடத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். .in பெயர் என்றால் registry.in தளத்தில் தேடலாம். இன்வாய்ஸில் இருப்பது வேறு நிறுவனம் என்றால் பணம் கட்டாதீர்கள். அதே பெயர் இருந்தாலும் மெயிலில் உள்ள லிங்க்கைத் தொட வேண்டாம். அந்த நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து லாகின் செய்யுங்கள். உண்மையான பாக்கி இருந்தால் அங்கேயே தெரியும். .com போன்ற பெயர்களுக்குக் காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரிஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. திடீரென 24 மணி நேரக் கெடு வருவது சந்தேகத்துக்குரியதே.

ஹோஸ்டிங் பில் என்றால் இந்தத் தேடல் போதாது. யாருக்குப் பணம் போக வேண்டும் என்பதை அது சொல்லாது. சைட் போட்டுக்கொடுத்தவர் தன் கணக்கிலேயே டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் வாங்கியிருக்கலாம். நம் ஊரில் இது சகஜம். அவருக்கு ஒரு போன் போட்டு, எந்த நிறுவனம், எந்த லாகின் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் முதலில் கார்டை பிளாக் செய்யுங்கள். பிறகு 1930-ஐ அழைத்தோ cybercrime.gov.in தளத்திலோ புகார் கொடுக்கலாம். அந்த லிங்க்கில் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால், உண்மையான ரிஜிஸ்ட்ரார் கணக்கிலும் மெயிலிலும் உடனே அதை மாற்ற வேண்டும்.