மலிவு ஆண்ட்ராய்டு பெட்டி: விற்பவர் சொல்லும் மூன்று சமாதானங்கள்

"ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது, எல்லாச் சானலும் ஏற்றியே தருகிறோம்." பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள் இப்படிச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. டொராண்டோவிலும் லண்டனிலும் தமிழ்ச் சானல்களுக்காக இவற்றை வாங்கும் குடும்பங்கள் உண்டு. ஆபத்தில்லையா என்று கேட்டால் வழக்கமாக மூன்று சமாதானங்கள் வரும். மூன்றுமே நிற்காது.

"டிவி பெட்டியில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?"

திருடர்களுக்கு வேண்டியது பெட்டிக்குள் இருப்பதல்ல, உங்கள் வீட்டு இணைய முகவரி. ஒரு வங்கித் தளத்தில் ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்க நினைப்பவன் தன் முகவரியிலிருந்து வந்தால் உடனே தடுக்கப்படுவான். சாதாரண வீட்டு இணைப்பு வழியாக வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் இப்படிப்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி, அவற்றின் வழியே போய்வரும் உரிமையை மற்றவர்களுக்கு விற்கிறார்கள். நீங்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் வேறொருவரின் மோசடி உங்கள் முகவரியில் பதிவாகிறது. விசாரணை என்று வந்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் வீட்டுக் கதவுதான்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. இப்படிக் கைப்பற்றப்பட்ட சாதனங்களைக் கொண்ட 'பேட்பாக்ஸ் 2.0' என்ற வலையமைப்பைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொது எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதமே கூகுள் அதன் பின்னால் இருப்பவர்கள் மீது நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அதில் சிக்கிய சாதனங்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று கூகுள் சொன்னது.

"வைரஸ் வந்தால் ரீசெட் போட்டுக்கொள்ளலாம்"

வைரஸ் பின்னால் வந்து தொற்றியிருந்தால் ரீசெட் உதவலாம். ஆனால் இங்கே அது பெட்டியோடு சேர்ந்தே வருகிறது. கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக் என்ற கணினி வல்லுநர் T95 என்ற பெட்டியை வாங்கினார். வீட்டு நெட்வொர்க்கில் எந்தச் சாதனம் எந்த முகவரியைத் தேடுகிறது என்று காட்டும் Pi-hole மென்பொருளின் பட்டியலில், அந்தப் பெட்டி தெரிந்த தீநிரல் முகவரிகளைத் தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. தான் கண்டதை 2023 ஜனவரியில் வெளியிட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. மென்பொருள் `test-keys` என்ற சாவியால் கையெழுத்திடப்பட்டிருந்தது. அது சோதனைக்காக எல்லோருக்கும் பொதுவில் கிடைக்கும் சாவி என்பதால், அந்தக் கையெழுத்து எதையும் உறுதி செய்யாது. தொழில்நுட்பர்கள் பயன்படுத்தும் ADB வாசல் வைஃபையிலும் திறந்தே கிடந்தது. `/data/system/Corejava` என்ற கோப்புறையில் தீநிரல் இருந்தது.

ரீசெட் அழிப்பது `/data` பகுதியை மட்டுமே. ஆண்ட்ராய்டின் மையமான `system_server`-க்குள் தன்னைச் செருகிக்கொள்ளும் பகுதி, ரீசெட்டின் கை எட்டாத அடிப்படை மென்பொருளிலேயே ஊறியிருப்பதாக மிலிசிக் கண்டார். கிளையை வெட்டலாம், வேர் அப்படியே இருக்கும். அடிப்படை மென்பொருளையே மாற்றலாம் என்றால், தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பெட்டிக்குச் சுத்தமான பிரதியை யாரிடம் போய்க் கேட்பது?

"அதே ஆண்ட்ராய்டுதான், 4K என்று போட்டிருக்கிறதே"

ஆண்ட்ராய்டின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். கூகுளின் சோதனையில் தேறுவது வேறு. நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் தங்கள் படங்களை 'வைட்வைன்' என்ற பூட்டுப் போட்டு அனுப்புகின்றன. அதில் L1 என்ற நிலைக்குச் சாவி சிப்புக்குள்ளேயே பாதுகாப்பாக இருக்க வேண்டும். கூகுளின் சோதனையில் தேறாமல் L1 உரிமம் பெறாத பெட்டிகளுக்குக் கிடைப்பது L3 நிலை. அதில் நெட்ஃபிளிக்ஸ் 480p-க்கு மேல் தராது. பெட்டியின் அட்டையில் 8K என்றே போட்டிருந்தாலும் நீங்கள் சந்தா கட்டும் படம் பழைய டிவிடி அளவில்தான் தெரியும். ஏற்றித் தரும் இலவசச் சானல்களோ பெரும்பாலும் உரிமம் இல்லாதவை. அவற்றை அனுப்பும் சர்வர் முடக்கப்பட்டால் 'ஆயுள் முழுக்க' என்ற வாக்குறுதியும் அன்றோடு முடிந்தது.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தால், அதில் தீநிரல் இருக்கலாம் என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டு. ஆப் நிறுவ Play Protect-ஐ அணைக்கச் சொன்னாலோ, பெயர் கேள்விப்படாத ஆப் கடையிலிருந்து இறக்கச் சொன்னாலோ சந்தேகப்படுங்கள். யாரும் படம் பார்க்காத நேரத்திலும் அந்தப் பெட்டி தரவை அனுப்பிக்கொண்டிருப்பதாக ரூட்டர் காட்டினால் இன்னும் வலுவான அறிகுறி. பெட்டியின் பிராண்ட், ஆண்ட்ராய்டு டிவி கூட்டாளிகள் என்று கூகுள் வெளியிட்டிருக்கும் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அறிகுறி தெரிந்தால் ரீசெட்டில் நேரத்தை வீணாக்காமல் பெட்டியை இணையத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் போட்ட கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அந்தப் பெட்டியை இன்னொருவருக்கு விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். இன்னொரு வீட்டில் செருகினாலும் அது இதே வேலையைத்தான் செய்யும்.