கட்டம் அச்சாகும் முன் பக்கம் தயாராகட்டும்

2015-இல் ஜெர்மனியில் ஒருவர் ஹைன்ஸ் கெட்சப் புட்டியில் இருந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தார். திறந்தது ஓர் ஆபாசத் தளம். அந்தக் குறியீடு ஒரு பரிசுப் போட்டிக்காக அச்சடிக்கப்பட்டது. போட்டி 2014-இல் முடிந்ததும் அதற்கென வாங்கிய டொமைனை நிறுவனம் கைவிட, வேறு யாரோ அதை எடுத்துக்கொண்டார்கள். புட்டிகள் மட்டும் வீடுகளில் இருந்தன. நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

அச்சில் எந்தக் குறையும் இல்லை, குறியீடும் சரியாகவே படித்தது. அப்படியும் அது நம் தொழிலின் தவறுதான். குறியீட்டுக்குள் எந்த முகவரி போகிறது என்று கேட்காமலே சிலிண்டர் வெட்டக் கொடுத்துவிடுகிறோம்.

வெண்டை விதைப் பவுச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிராவ்யூர் அச்சு, பின்பக்கம் 2 செ.மீ. சதுர இடம். விளம்பரப் பிரிவிலிருந்து பெரும்பாலும் இப்படி ஒரு முகவரி வரும்:

```
https://www.example.in/products/seeds/okra/?utm_source=pack&utm_medium=qr&utm_campaign=aadi
```

91 எழுத்துகள். பிழைதிருத்த அளவை M என்று வைத்தால் குறியீடு 41×41 கட்டமாகிறது. 2 செ.மீ.யில் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கிராவ்யூரில் ஓரங்கள் ரம்பப் பல்லாக வரும். ஃபிலிம் ஓடும் திசையில் மை சற்று இழுபடும். அரை மில்லிமீட்டர் கட்டத்தில் அது பெரிய சேதம். இதற்குப் பதில்:

```
HTTPS://EXAMPLE.IN/V7
```

21 எழுத்துகள். எல்லாமே பெரிய எழுத்தாக இருப்பதால் குறியீடு இதைச் சுருக்கமான முறையில் பதிந்துகொள்கிறது, 25×25 போதும். அதே 2 செ.மீ.யில் ஒரு கட்டம் 0.8 மி.மீ. ஆகிவிடுகிறது. சுற்றிலும் நான்கு கட்ட அகலம், அதாவது 3.2 மி.மீ. வெள்ளை விட வேண்டும். இந்த வெள்ளையைத்தான் வடிவமைப்பாளர்கள் முதலில் திருடுவார்கள். நான்கு வண்ணம் வேண்டாம், தனிக் கறுப்பு போதும். பளபளக்கும் ஃபாயிலாக இருந்தால் அடியில் வெள்ளை மை கட்டாயம். நடு சீலின் மீதோ மடிப்பிலோ வைக்கக் கூடாது.

V7 என்பது நிறுவனத்தின் சொந்த டொமைனில் உள்ள ஒரு திருப்பிவிடும் முகவரி. டொமைன் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இல்லை. ஆனால் அதன் பின் வரும் பகுதியில் இருக்கலாம், ஆகவே சர்வரில் V7 என்றே பதிய வேண்டும். திருப்பிவிடுவது 302 ஆக இருக்கட்டும். 301 கொடுத்தால் சில போன்கள் பழைய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். சுவரொட்டிக்கு P7 என்று தனியாகக் கொடுத்தால் எது எத்தனை ஸ்கேன் பெற்றது என்பது தெரிந்துவிடும். அந்த நீண்ட utm வால் தேவையே இல்லை. சந்தா கட்டும் ‘டைனமிக்’ குறியீட்டுச் சேவைகளை நான் பரிந்துரைப்பதில்லை. சந்தா நின்ற நாளில் கடையில் தொங்கும் பவுச்செல்லாம் செத்துப்போகும்.

இனி, திறக்கும் பக்கம். இந்தப் பவுச்சை ஸ்கேன் செய்பவர் கடை வாசலிலோ வரப்பிலோ நிற்கும் விவசாயி. அவருக்கு வேண்டியது இந்த ரகத்துக்கு ஏற்ற பருவம், ஏக்கருக்கு எவ்வளவு விதை, வரிசைக்கு என்ன இடைவெளி, முளைக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பவை. நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தில் ஓடும் படங்கள் அவருக்கு எதற்கு? தமிழில், வெறும் எழுத்தாக, தொட்டால் அழைக்கும் தொலைபேசி எண்ணோடு ஒரு பக்கம் போதும். பெரிய பிடிஎஃப், ‘ஆப்பை நிறுவுக’, மொபைல் எண் கேட்கும் படிவம் எதுவும் கூடாது. ஒரே சிலிண்டரில் வரும் குறியீட்டுக்கு லாட் எண் தெரியாது என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள். அந்த எண்ணை வைத்து முளைப்புத்திறன் காட்ட வேண்டுமானால், பக்கத்தில் அதை உள்ளிட ஒரு பெட்டி வேண்டும். சட்டம் கேட்கும் லேபிள் விவரங்களைக் குறியீட்டுக்குள் தள்ளிவிடவும் முடியாது; அவை எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

குறியீட்டின் அருகே ‘ஸ்கேன் செய்க’ என்று போடுவதில் பயனில்லை. ‘விதைக்கும் பருவம், இடைவெளி: தமிழில்’ என்று போட்டால் போனை எடுப்பார். கீழே example.in/V7 என்று படிக்கும்படி அச்சடித்தால் கேமரா சரியில்லாதவரும் தட்டச்சு செய்துகொள்வார்.

சுவரொட்டிக்குக் கணக்கு எளிது: நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். 3 மீட்டருக்கு 30 செ.மீ. ஓடும் பேருந்தின் முதுகில் வேண்டாம். பின்னால் வண்டி ஓட்டி வருபவர் ஸ்கேன் செய்வதை யாரும் விரும்பமாட்டோம்.

புரூஃபைத் தாளில் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். அதே ஃபிலிமில் அடித்து, விதை நிரப்பிச் சீல் வைத்து, விலை குறைந்த பழைய போனில், வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். ஆர்டர் படிவத்தில் இரண்டு வரிகள் சேருங்கள்: டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டு வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. பக்கம் இன்னும் தயாராகவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், குறியீடு இல்லாமலே அச்சடித்துக் கொடுங்கள்.