நாற்பது வயதுக்குப் பின் கருவுறுதல்: தொடக்க வாரங்களைத் தவறவிடாதீர்

செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையை நெறிப்படுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம், அச்சிகிச்சை பெறும் பெண்களுக்கு 50 வயதை உச்ச வரம்பாக வைத்துள்ளது. எனினும் நாற்பதைக் கடந்து கருவுறுவோரில் இயல்பாகக் கருவுறுவோரும் உளர். அவர்களுள் சிலர், மாதவிடாய் தள்ளிப்போவதை அது முற்றிலும் நிற்கும் பருவத்தின் அறிகுறி என்று கருதி, மூன்று, நான்கு மாதங்கள் கழித்தே மருத்துவமனைக்கு வருகின்றனர். இவ்வயதில் தேவைப்படும் கூடுதல் கவனிப்பின் முக்கியப் பகுதிகள் அந்த மாதங்களிலேயே தொடங்க வேண்டியவை.

இடர்கள் எவ்வளவு?

நாற்பதுக்கு மேல் கருவுறும் பெண்களுள் பெரும்பாலோருக்கு, கரு தொடக்க மாதங்களைக் கடந்துவிட்டால், நலமான குழந்தையே பிறக்கிறது. ஆயினும் சில இடர்கள் கூடுகின்றன. 40 முதல் 44 வயது வரை ஏறத்தாழ மூன்றில் ஒரு கரு கலைந்துவிடக்கூடும். முட்டையின் வயது முதிர்வே இதற்குப் பெரும்பாலும் காரணம். வேலை செய்ததோ பயணம் செய்ததோ அன்று. டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் ஏறத்தாழ 1,250இல் ஒன்று. 40 வயதில் 100இல் ஒன்று. அதாவது, 40 வயதிலும் நூற்றில் 99 குழந்தைகளுக்கு அக்குறைபாடு இராது. உயர் இரத்த அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு, அறுவைப் பிரசவம் ஆகியவற்றின் வாய்ப்பும் உயர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

சிதம்பரத்தை அடுத்த சிற்றூரில் வாழும் 41 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்வோம். முதல் குழந்தைக்கு 12 வயது. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள் ஜனவரி 3. எனவே எதிர்பார்க்கப்படும் பிரசவ நாள் அக்டோபர் 10.

பிப்ரவரியில் மாதவிடாய் தள்ளிப்போனதும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டால், கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் உடனே பதிவு செய்து, தாய் சேய் நல எண்ணைப் பெறலாம். முதல் வருகையிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படும். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் அருந்தி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கப்படும், 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படும். இயல்பாக இருப்பினும், ஜூன் 20 முதல் ஜூலை 18 வரையிலான காலத்தில் (24 முதல் 28 வாரம்) மீண்டும் பார்க்க வேண்டும்.

குரோமோசோம் குறைபாட்டை மதிப்பிடும் கழுத்துப் பகுதி ஸ்கேனும் அதனுடன் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையும் 11ஆம் வாரத்திலிருந்து 14ஆம் வாரம் தொடங்கும் வரை மட்டுமே இயலும். இவருக்கு அது மார்ச் 21 முதல் ஏப்ரல் 10 வரை. இப்பரிசோதனை வாய்ப்பின் அளவை மட்டுமே கூறும். வாய்ப்பு அதிகம் எனத் தெரிந்தால், 15 வாரங்களுக்குப் பின் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்து உறுதி செய்யலாம். 35 வயதைக் கடந்த தாய்மாருக்கு இச்சோதனையைச் சட்டம் அனுமதிக்கிறது. குழந்தையின் பாலினத்தைக் கூற எவருக்கும் அனுமதியில்லை. சோதனை செய்துகொள்வதும் தவிர்ப்பதும் தாயின் விருப்பம்.

நாற்பதைக் கடந்த வயது, முந்தைய பேற்றுக்குப் பின் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி ஆகிய இரண்டும் இவருக்கு உள்ளன. இவை சேர்ந்திருப்பின், இரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை 12ஆம் வாரம் முதல் மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. 16 வாரத்திற்குள், அதாவது ஏப்ரல் 25க்குள் தொடங்கினால்தான் பயன் மிகுதி. தாமாகவே வாங்கி உட்கொள்ளக் கூடாது.

இவரே மே மாத இறுதியில்தான் மருத்துவமனைக்கு வருகிறார் எனின், கழுத்துப் பகுதி ஸ்கேனுக்கும் ஆஸ்பிரினுக்கும் உரிய காலம் கடந்திருக்கும். உடலுறுப்புகளைக் காணும் 18 முதல் 20 வார ஸ்கேனுக்கும் நாள் எஞ்சியிராது. ஸ்கேனைப் பின்னர் செய்யலாம். ஆனால் குறை தெரிந்தால், ஆலோசித்து முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம் சுருங்கிவிடும்.

இறுதி வாரங்கள்

நாற்பதைக் கடந்தோருக்கு, பிரசவ நாள் நெருங்கும்போது குழந்தை வயிற்றிலேயே இறக்கும் இடர், 1,000இல் ஒன்று என்பதிலிருந்து ஏறத்தாழ இரண்டாக உயர்கிறது. ஆகவே வலி வரும்வரை காத்திராமல், 39 முதல் 40 வாரத்திற்குள் பிரசவத்தைத் தூண்டுவது குறித்து மருத்துவர் பேசுவார். வயது ஒன்றே அறுவைச் சிகிச்சைக்குக் காரணமாகாது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பிரசவத்தை முன்னரே திட்டமிடுவது நலம்.

உடனே செல்ல வேண்டிய அறிகுறிகள்

தணியாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவாயினும் 108 ஊர்தியை அழையுங்கள். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின், வேறு தொல்லை இல்லாவிடினும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு மாதவிடாய் ஒரு மாதம் தள்ளிப்போனால், வேறெதையும் கருதுமுன் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளவும்.