180 பாகையைத் தாண்டும் முக்கோணி



முக்கோணியின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை வரும் என்பதைக் கேத்திர கணிதம் படிக்கும் உங்கள் பிள்ளை உடனே சொல்லிவிடும். தாளில் வரைந்த முக்கோணிக்கு அது சரி. ஒரு தோடம்பழத்தின் மேல் வரைந்து பாருங்கள், கணக்கு மாறிவிடும்.

பூமியையே எடுத்துக்கொள்வோம். வட துருவத்திலிருந்து இரண்டு நெடுங்கோடுகள் 90 பாகை இடைவெளியில் பூமத்திய கோட்டுக்கு இறங்குகின்றன. அங்கே அவை செங்குத்தாகவே சேரும். ஆக மூன்றும் செங்கோணம், கூட்டுத்தொகை 270. வழக்கமான 180இலும் 90 பாகை கூடிவிட்டது. இப்படிக் கூடுவதையே கோண மிகை என்பார்கள். இந்த முக்கோணி பூமிப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு. 90ஐ 720ஆல் வகுத்தாலும் அதே எட்டில் ஒன்றுதான். எந்தக் கோள முக்கோணிக்கும் இது பொருந்தும்: மிகையை 720ஆல் வகுத்தால், முழுக் கோளத்தில் அது எத்தனை பங்கு என்பது கிடைத்துவிடும். பக்கங்களின் நீளம் தேவையே இல்லை! 1629இல் அல்பேர்ட் ஜிரார்ட் இதனை அச்சிட்டு வெளியிட்டார். தோமஸ் ஹரியட் 1603இலேயே கண்டிருந்தும் வெளியிடவில்லை.

அது என்ன 720 என்று கேட்பீர்கள். தோடம்பழத்தைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் பெருவட்டம். இரண்டு பெருவட்டங்கள் ஒன்றையொன்று வெட்டினால், தோலில் பிறை போன்ற துண்டுகள் பிரியும். பிறையின் நுனிக் கோணம் 360இல் எத்தனை பங்கோ, அதன் பரப்பும் முழுத் தோலில் அத்தனை பங்கு. முக்கோணியின் மூன்று பக்கங்களையும் முழுப் பெருவட்டங்களாக நீட்டுங்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் எதிரெதிராக இரண்டு பிறைகள், மொத்தம் ஆறு. இவை பழம் முழுவதையும் மூடும். ஆனால் நமது முக்கோணியும், பழத்தின் மறுபுறத்தில் அதற்கு நேரெதிரே உள்ள அதே அளவு முக்கோணியும் மும்மூன்று தடவை மூடப்படும், மற்ற இடமெல்லாம் ஒரு தடவைதான். எனவே ஆறு பிறைகளின் கூட்டு, முழுப் பழத்தோடு நான்கு முக்கோணி சேர்ந்ததற்குச் சமம். கோணத் தொகையை 180ஆல் வகுத்தால் இந்தக் கூட்டு எத்தனை பழம் என்பது வரும். அதில் ஒரு பழத்தைக் கழித்து, மிச்சத்தை நான்கால் வகுங்கள். 180ஐ நான்கால் பெருக்கியதே அந்த 720.

இனி நமக்கு நெருக்கமான ஒரு முக்கோணி: வட துருவம், மக்கா, கொழும்பு. கிப்லாத் திசையைக் கணிப்பதும் இதே முக்கோணியை வைத்துத்தான். துருவத்தில் உள்ள கோணம் இரு ஊர்களின் நெட்டாங்கு வித்தியாசம், சுமார் 40 பாகை. கொழும்பில் வடக்கிலிருந்து மேற்கே கிப்லா 65¼ பாகை. மக்காவில் வடக்குக்கும் கொழும்புக்கும் இடையே 104½ பாகை. கூட்டினால் 209¾, மிகை 29¾. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீற்றர் என்பதால், ஒரு பாகை மிகைக்கு ஏறத்தாழ 7 லட்சத்து 8 ஆயிரம் வரும். ஆகவே இந்த முக்கோணி சுமார் 2 கோடி 10 லட்சம் சதுர கிலோமீற்றர். பூமி சரியான உருண்டையல்ல, ஆதலால் சிறு வித்தியாசம் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. பக்கங்கள் மூன்றும் பெருவட்டமாக இருக்க வேண்டும். திசைமானியில் ஒரே பாகையைப் பிடித்துக் கொழும்பிலிருந்து மக்கா வரை போகும் பாதை பெருவட்டமல்ல. அதைப் பக்கமாக வைத்தால் அவ்விரு ஊர்களிலும் உள்ள கோணங்கள் எப்போதும் சேர்ந்து 180 ஆகும், மிகை 40 என்று வரும், விடை 2 கோடி 83 லட்சமாக ஊதிவிடும். உண்மைப் பரப்போ முன்னையதிலும் சற்றுத்தான் கூடுதல்.

சிறிய முக்கோணியில் சிக்கல் வேறு. பாகையை 3600 செக்கன்களாகப் பிரித்தால், ஒரு செக்கன் மிகைக்கே சுமார் 197 சதுர கிலோமீற்றர் வந்துவிடும். 1820களில் ஜேர்மனியில் கவுஸ் அளந்த மூன்று மலை முக்கோணி பெயர்பெற்றது. பக்கங்கள் சுமார் 69, 85, 107 கிலோமீற்றர். அத்தனை பெரிய முக்கோணிக்கும் மிகை 15 செக்கனுக்குச் சற்றுக் குறைவே. கோணம் அளப்பதில் ஒரு செக்கன் பிசகினால் பரப்பில் 197 சதுர கிலோமீற்றர் பிழை! அதனால் நில அளவையாளர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். பக்கங்களைக் கொண்டு பரப்பைக் கண்டு, அதிலிருந்து மிகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணிப்பார்கள். அளந்த கோணங்களின் தொகை 180உடன் அந்த மிகையும் சேர்ந்ததற்குச் சரியாக வராவிட்டால், வித்தியாசம் முழுவதும் அளவைப் பிழை.