வேன் அண்ணனுக்கு இனாம் வேண்டாம்

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பிரிவு உபசார விழா நடக்கும். முதல்வருக்குச் சால்வை, வகுப்பாசிரியருக்கு நினைவுப் பரிசு, எல்லோருக்கும் குரூப் போட்டோ. அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் வேனை நிறுத்திவிட்டு ஒருவர் காத்திருப்பார். ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளையைத் தினமும் இரண்டு முறை பார்த்தவர் அவர். பள்ளியின் கணக்கில் அவர் ஊழியர் இல்லை, பெற்றோரின் கணக்கில் விருந்தினர் இல்லை. பல வீடுகளில் அவர் எண் செல்போனில் ‘வேன்’ என்றுதான் பதிவாகியிருக்கிறது. பெயர் கிடையாது.

இந்த ஆண்டு என் அக்கா மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். எங்கள் வீடு இருப்பது பேட்டில். புதுச்சேரியில் தலித் குடியிருப்புக்கு அதுதான் பெயர் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். முன்பு வந்த வேன்கள் பேட்டுக்குள் வரமாட்டா. “சந்து குறுகல், வண்டி திரும்பாது, மெயின்ரோட்டுக்கு வந்துடுங்க” என்பார்கள். தண்ணீர் லாரி திரும்புகிற சந்துதான் அது. இந்த அண்ணன் வந்த முதல் நாளே உள்ளே வந்தார். இன்னொன்றையும் செய்தார். காலையில் முதலில் ஏறுகிற பிள்ளை மாலையில் கடைசியாக இறங்குவதுதான் வேன்களில் வழக்கம். போன வழியிலேயே திரும்பினால் அப்படித்தான் அமையும். அக்கா மகள்தான் காலையில் முதல் ஆள். ஆகவே வாரத்தில் சில நாள் மாலையில் சுற்றிப்போய் அவளை முதலில் இறக்கிவிடுவார். அந்தக் கூடுதல் டீசலுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை.

நன்றி சொல்வதென்றால் இதைத்தான் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். “பிள்ளையைப் பத்திரமா கூட்டிட்டுப் போனீங்க” என்பது யாருக்கும் பொருந்தும்.

பொதுவெளியில் பள்ளி வேன் ஓட்டுநர் இரண்டு சமயங்களில்தான் கண்ணுக்குத் தெரிகிறார். ஒன்று, விபத்து நடக்கும்போது. இன்னொன்று, அவர் சாகும்போது. 2024 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் வெள்ளக்கோவிலில் சேமலையப்பன் என்ற ஓட்டுநருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது. வலியோடு வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள், அவர் இறந்துவிட்டார். அதே வேனில் உதவியாளராக இருந்தவர் அவருடைய மனைவி. முதலமைச்சர் இரங்கல் தெரிவித்து ஐந்து லட்சம் ரூபாய் நிதி அறிவித்தார். அது சரிதான். ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்பு அவர் ஓட்டிய நாட்களுக்கு யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

சரி, நம் வீடுகளில் எப்படி நன்றி சொல்கிறார்கள்? கடைசி நாளன்று ஒரு பழைய சட்டை, மீந்த பலகாரம், மடித்த ஐம்பது ரூபாய். “வச்சுக்கப்பா” என்று கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துக் கொடுப்பார்கள். தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை ‘வா, போ’ என்பார்கள். இதற்குப் பெயர் இனாம். நம் தாத்தா பாட்டிகளுக்குப் பொங்கலன்று களத்துமேட்டில் கொடுத்ததும் இதுதான். பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் கொடை பற்றி எழுதிய கட்டுரையில் ஒன்றைக் கவனித்தார்: திருப்பிக் கொடுக்க முடியாத கொடை, வாங்குகிறவரைக் கீழே இறக்குகிறது. நம் பாட்டிகள் மோஸைப் படிக்காமலே இதை அறிந்திருந்தார்கள். அந்த வேட்டியைக் கட்டாமல் பெட்டியில் போட்டு வைத்த கதை உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

நாமும் அதையே செய்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பேட்டிலிருந்து படித்து வேலைக்குப் போன குடும்பங்களும் வேன்காரரிடம் அதே குரலில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

இனாம் கொடுப்பதற்கு முன் கூலியைப் பார்ப்போம். பிளஸ் டூ பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வு முடிந்ததும் படிப்பு விடுமுறை வந்துவிடும். அதன்பின் தேர்வு நாட்களில் மட்டும்தான் பயணம். “அஞ்சு நாள்தானே வந்தா” என்று நாள் கணக்குப் போடும் பெற்றோர் உண்டு. மாதக் கட்டணம் 1,500 ரூபாய், வேலை நாள் 25 என்று வைத்தால் நாளுக்கு 60 ரூபாய். ஐந்து நாளுக்கு 300 என்று கையில் வைத்துவிடுவார்கள்.

அந்த ஐந்து நாளில் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 2025 முதல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை சி.பி.எஸ்.இ. முறையில் எழுதுகிறார்கள். தனியார் பள்ளிகள் பலவும் தமிழ்நாட்டு வாரியத்தில் இருக்கின்றன. இரண்டு பிள்ளைகளும் ஒரே வேனில் வந்தால் இரண்டு தேர்வு அட்டவணை. தேர்வு மையமும் பெரும்பாலும் வேறு பள்ளி. சி.பி.எஸ்.இ. மையத்தில் பத்து மணிக்குள் உள்ளே போய்விட வேண்டும். மற்றப் பிள்ளைகளை எட்டரைக்குள் இறக்கிவிட்டு, இவளுக்காக மறுபடி பேட்டுக்கு வந்து, இவளை மையத்தில் விட்டு, ஒன்றரைக்குத் திரும்ப அழைத்துவர வேண்டும். ஒரு நாளில் இரண்டு நாள் ஓட்டம் அது.

அந்த இருக்கை மார்ச்சில் காலியாக இருந்தாலும் அதில் வேறு பிள்ளை உட்காரப் போவதில்லை. புதிய பிள்ளை அடுத்த கல்வியாண்டில்தான் சேரும். வேனில் பன்னிரண்டு பேர், அதில் இரண்டு பேர் பிளஸ் டூ என்றால், இரு வீட்டாரும் நாள் கணக்குப் போட்டால் அந்த மாதம் 2,400 ரூபாய் குறையும். வண்டிக் கடனின் தவணை குறையாது. மே மாதம் எப்படியும் வருமானம் இல்லை. ஆகவே முதல் நன்றி, கடைசி மாதக் கட்டணத்தை முழுதாக, கேட்கவைக்காமல் கொடுப்பது. தேர்வு நாளின் இரண்டாவது ஓட்டத்துக்குத் தனியாகக் கேட்டுக் கொடுப்பது. இது அன்பளிப்பு அல்ல, பாக்கி.

அதற்குப் பிறகு பரிசு கொடுங்கள். கடையில் வாங்கிய புதிய பொருளாக இருக்கட்டும். அவரை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்து, பிள்ளை தன் கையால் கொடுக்கட்டும். அதையும் படிப்பு விடுமுறைக்கு முன்பே செய்துவிடுங்கள். கடைசித் தேர்வு முடிந்த மதியம் பிள்ளைகள் நண்பர்களோடு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அன்று வேனில் யாரும் திரும்புவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கடிதமும் எழுதினோம். எந்த ஆண்டு ஜூனிலிருந்து எந்த ஆண்டு மார்ச் வரை, எங்கிருந்து எங்கே ஓட்டினார், தேர்வு நாட்களில் ஒருமுறைகூடத் தாமதமில்லை என்று. கீழே பிள்ளையின் கையெழுத்து, அக்காவின் கையெழுத்து, தொலைபேசி எண். இதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குக் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொந்தமாக வேன் ஓட்டுகிறவருக்கு அனுபவச் சான்று யார் கொடுப்பார்கள்? உரிமமும் பேட்ஜும் தனி, இந்தக் கடிதம் அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் நாளைக்கு ஒரு பள்ளி நிர்வாகத்தின் முன் நிற்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கும்.

ஒன்று, கடிதத்தில் பொய் எழுதாதீர்கள். பத்துப் பேர் வண்டியில் இருபது பேரை அடைத்தவருக்குப் ‘பாதுகாப்பாக ஓட்டினார்’ என்று எழுதினால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலையில் அது விடியும். அவரிடம் நேரில் சொல்ல வேண்டியது வேறு. ‘கட்டணத்தை ஏற்ற மாட்டோம், ஆனால் ஆளைக் குறை’ என்று பெற்றோர் சொல்வதும் நியாயமில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கடிதத்தை வாங்கிய அண்ணன் வாசித்துவிட்டு, “ஜூன்ல இந்த சந்துல வேற யாராவது சேர்றாங்களாம்மா?” என்று கேட்டார். மூன்றாவது வீட்டுப் பெண் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அக்கா அவரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போய், பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினாள்.