வாய்மொழி நெகிழ்வும் எழுத்திலுள்ள நேரமும்

குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் பணியிலிருந்து விலகியிருந்து மீண்டும் திரும்புபவரிடம் நேர்காணலின் முடிவில் வழக்கமாகச் சொல்லப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: “நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அனுசரித்துக்கொள்ளலாம்.” சொல்பவர் பெரும்பாலும் மனதாரவே சொல்கிறார். ஆனால் அவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டால் அந்த வாக்கியமும் அவரோடு போய்விடுகிறது. எஞ்சுவது நியமனக் கடிதம் மட்டுமே. அதில் வாரத்தில் ஐந்து நாளும் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். பணி நேரம் சம்பளத்தைப் போன்றதொரு பணிநிபந்தனை. அதைச் சலுகையாகக் கேட்பதே முதற்பிழை. அதைக் கணக்கிட்டு, வேலையை ஏற்பதற்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

இந்தியச் சட்டம் இதில் எவ்வளவு தூரம் துணைவருகிறது என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017 இல் செய்யப்பட்ட திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. வீட்டிலிருந்து பணிபுரிவதைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. வேலையின் தன்மை இடங்கொடுத்தால், மகப்பேறு விடுப்புக்குப் பின் இருவரும் ஒப்புக்கொள்ளும் காலத்துக்கும் நிபந்தனைகளுக்கும் ஏற்ப முதலாளி அதை அனுமதிக்கலாம் என்பதே அதன் சாரம். ‘அனுமதிக்கலாம்’ என்ற சொல் கடமை எதையும் விதிக்கவில்லை. அதுவும் விடுப்பு முடிந்து அதே வேலைக்குத் திரும்பும் தாய்க்குரியது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு புதிய நிறுவனத்தில் சேரும் பெண்ணையோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தந்தையையோ அது தொடுவதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நெகிழ்வுப் பணிமுறையைக் கோரும் உரிமை ஊழியருக்கு உண்டு. கோரிக்கையை மறுக்க முதலாளி சட்டம் குறிப்பிடும் காரணங்களுள் ஒன்றைக் காட்ட வேண்டும். இங்கே அந்த இடைவெளியைத் தனிநபரின் பேச்சுவார்த்தைதான் நிரப்புகிறது.

அந்தப் பேச்சுக்கு உரிய காலம் குறுகியது. முதல் நேர்காணலிலேயே கேட்டால் தகுதியைப் பற்றிய பேச்சு நின்று குழந்தையைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. சேர்ந்த பிறகு கேட்டால் தகுதிகாண் காலம் குறுக்கே நிற்கிறது. பணிவாய்ப்புக் கடிதம் கைக்கு வந்து ஒப்புதல் அனுப்பாத அந்தச் சில நாள்களில்தான், இவரே வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்திருக்கிறது. மாற்று நபரைத் தேடினால் மீண்டும் சில வாரங்கள் ஆகும் என்பதையும் அறிந்திருக்கிறது.

கற்பனையான ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண். நான்கு வயதுக் குழந்தை. மருந்து ஆய்வுத் தரவுகளைப் பகுப்பாயும் புனே நிறுவனம் ஒன்றில் பணிவாய்ப்பு. அலுவலகம் ஒரு மணிநேரத் தொலைவில் இருக்கிறது. காப்பகம் மாலை 6 மணிக்கு மூடப்படும். செவ்வாயும் வியாழனும் கணவர் குழந்தையை அழைத்துவர இயலும். அப்படியென்றால் உண்மையான சிக்கல் மூன்று மாலைப்பொழுதுகள் மட்டுமே. ‘கொஞ்சம் நெகிழ்வு வேண்டும்’ என்ற மங்கலான கோரிக்கையைவிட இந்த வரையறை பலமானது.

அவர் முன்வைக்கும் திட்டம் இது. செவ்வாயும் வியாழனும் முழுநேரம் அலுவலகத்தில். மதிய உணவு நேரம் போக நாளொன்றுக்கு 8 மணிநேரம். வெள்ளி வீட்டிலிருந்து காலை 8.30 முதல் மாலை 5 வரை. அரைமணி இடைவேளை போக அதுவும் 8. திங்களும் புதனும் வீட்டிலிருந்து 8.30 முதல் 4 வரை 7 மணிநேரம், பின்னர் இரவு 9 முதல் 10 வரை ஒரு மணிநேரம். மொத்தம் 40. அந்த இரவு நேரம் தற்செயலாகத் தேர்ந்ததன்று. இந்தியாவில் இரவு 9 மணி என்பது நியூயார்க்கில் கோடையில் முற்பகல் 11.30, குளிர்காலத்தில் 10.30. அமெரிக்கக் குழுவுடன் பேச நிறுவனத்துக்கு வேண்டிய நேரமே அது. கோரிக்கையோடு நிறுவனத்துக்கு ஒரு நன்மையும் சேர்ந்து வருகிறது.

மனிதவளத் துறையின் மறுமொழி இப்படி இருக்கலாம்: “இந்த வசதிக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடு குறையும்.” நன்றியுணர்ச்சியில் பலர் சம்மதித்துவிடும் இடம் இதுதான். ஆனால் 40 மணிநேரம் 40 ஆகவே இருக்கிறது; மாறியது இடமும் வரிசையும் மட்டுமே. எனவே குறைப்புக்கு அடிப்படை இல்லை. உண்மையிலேயே 32 மணிநேரம் போதும் என்று அவர் நினைத்தால் 80 விழுக்காட்டுச் சம்பளம் நியாயமே. ஆனால் அப்போது வேலையும் அதே அளவில் குறைந்தாக வேண்டும். மற்றவர் ஐந்து ஆய்வுகளைக் கவனித்தால் இவருக்கு நான்கு என்று கடிதத்தில் எண்ணிக்கையோடு இருக்க வேண்டும். அது இல்லாத பகுதிநேரப் பணி முழுவேலையைக் குறைந்த கூலிக்குச் செய்வதில்தான் முடியும். சேர்ந்த இரண்டாம் மாதத்தில் ஐந்தாவது ஆய்வு ‘தற்காலிகமாக’ வந்து சேர்வது அதன் முதல் அறிகுறி.

ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெறும்போது வாசகத்தைக் கூர்ந்து படிக்க வேண்டும். ‘மேலாளரின் விருப்பத்துக்கு உட்பட்டு’ என்றோ, ‘நிறுவனக் கொள்கையின்படி’ என்று மட்டுமோ இருந்தால் கையில் ஒன்றும் இல்லை. நாள்களும் நேரங்களும் கடிதத்திலேயோ அதன் இணைப்பிலேயோ இடம்பெற வேண்டும். ஆறு மாதத்தில் மறுஆய்வு என்றால் எதை வைத்து ஆய்வது என்பதும் தெரிய வேண்டும்: அறிக்கைகள் குறித்த நாளில் முடிந்தனவா, கூட்டங்களில் கலந்துகொண்டாரா என்பன போல. ஏற்பாட்டை மாற்றுவதென்றால் 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற ஒரு வரி, வேறு காப்பகம் தேடக் கால அவகாசம் தரும். நியமனக் கடிதத்தைத் திருத்த நிறுவனம் மறுத்தால், பேசியதை நாள், நேரத்தோடு மின்னஞ்சலில் எழுதி, மனிதவளத் துறையின் உறுதியைப் பதிலாகப் பெற்றபின் ஒப்புதல் அனுப்பலாம். நிறுவனமே கொள்கையை மாற்றினால் இந்தக் கடிதம் முழுக்காப்பு ஆகிவிடாது. ஆனால் மேலாளர் மாறியதால் மட்டும் ஏற்பாடு கலைந்துபோவதை அது தடுக்கும்.

கல்லூரிப் பணியில் எல்லை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி ஆசிரியர் நாள்தோறும் குறைந்தது ஐந்து மணிநேரம் நிறுவனத்தில் இருக்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணிநேர நேரடிக் கற்பித்தல். ஆகவே அங்கே வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து பணி என்று கேட்பது வீண். கேட்கத்தக்கது கால அட்டவணை: வகுப்புகள் பிற்பகல் 3 மணிக்குள் முடிதல், மாலை நேரக் குழுக்கூட்டப் பொறுப்பு முதலாண்டில் இல்லாமை, விடைத்தாள் திருத்தத்தை விதி இடங்கொடுக்கும் அளவுக்கு வீட்டில் முடித்தல். துறைத்தலைவர் கையெழுத்தில் தரக்கூடியவை இவையே.

இவ்வளவையும் ஒருவர் தனியே பேசிப் பெற வேண்டியிருப்பது அவருடைய குறையன்று. பேசத் தெரிந்தவருக்கும், வேறொரு வாய்ப்பைக் கையில் வைத்திருப்பவருக்கும் கிடைப்பது, அதே தேவையுள்ள மற்றொருவருக்குக் கிடைக்காமல் போகிறது. தேர்வுக்குழுக்களில் அமரும் பேராசிரியர்களும் திட்டப் பணியிடங்களுக்கு ஆளெடுக்கும் முதன்மை ஆய்வாளர்களும் ஒன்று செய்யலாம்: எந்த நாள்களில் ஆய்வகத்தில் இருந்தாக வேண்டும், எந்த வேலையை வீட்டில் செய்யலாம் என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடலாம். அந்த இரண்டு வரிகள் அங்கே இருந்தால், திரும்பி வருபவர் நேர்காணலில் தம் ஆய்வைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.